மாலை நான்கரை மணிக்குத் திறக்கும் பெட்டி

பள்ளி விளையாட்டு அணியில் உள்ள மாணவரின் உணவைப் பற்றி உடற்கல்வி ஆசிரியர் பெற்றோரிடம் பேசும் கூட்டங்களில் பேச்சு பெரும்பாலும் மதியச் சாப்பாட்டைச் சுற்றியே நின்றுவிடுகிறது. ஆனால் பயிற்சி பெறும் பிள்ளையின் உடல் எந்த வேளையில் வெறுமையாகிறது என்று கணக்கிட்டுப் பார்த்தால், குறை மதியத்தில் இல்லை என்பதும், மதிய உணவுக்கும் இரவு உணவுக்கும் நடுவே கிடக்கும் ஏழு மணி நேரத்தில் இருக்கிறது என்பதும் தெரியவரும். ஸ்ரீமுஷ்ணம் போன்ற ஊரில், சுற்றுக் கிராமங்களிலிருந்து பேருந்திலும் மிதிவண்டியிலும் வரும் பிள்ளைகளை வைத்து அணி அமைக்கும் ஆசிரியர், பெற்றோர் கூட்டத்தில் கிடைக்கும் அரை மணி நேரத்தை இந்த ஒரு செய்திக்கே செலவிடுவது நல்லது. இந்த அத்தியாயம் அந்தப் பேச்சில் என்ன சொல்ல வேண்டும், எதை மேசைமேல் வைத்துக் காட்ட வேண்டும், பெற்றோர் எழுப்பும் ஐயங்களுக்கு எவ்வாறு விடை தர வேண்டும் என்பதை விளக்குகிறது.

பேச்சைத் தொடங்குமுன் ஆசிரியர் தம் அணியில் உள்ள பிள்ளைகளை, மதியம் பள்ளியிலேயே சத்துணவு உண்பவர்கள், வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுவருபவர்கள் என இரு பிரிவாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் இரு பிரிவினருக்கும் பெட்டியில் வைக்க வேண்டியவை வேறு. தமிழ்நாட்டில் 1982 ஜூலையில் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தின் கீழ் இன்று பத்தாம் வகுப்பு வரை படிக்கும் அரசுப் பள்ளி மாணவர் மதியம் உண்ண முடியும் என்பதையும், பள்ளி நாள்களில் முட்டையும் அதில் உண்டு என்பதையும் பெற்றோர் அறிவார்கள். ஆயினும் அந்த உணவு பிள்ளையின் நாள் கணக்கில் எவ்வளவு இடத்தை நிரப்புகிறது என்பதை அவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை. ஆறாம் வகுப்பு முதல் படிக்கும் மாணவருக்கு ஒதுக்கப்படும் 150 கிராம் அரிசியும், அதனுடன் சேரும் பருப்பும், ஒரு முட்டையும் சேர்ந்து ஏறக்குறைய 20 கிராம் புரதத்தைத் தந்துவிடுகின்றன. புரதம் என்பது தசையைக் கட்டுவதற்கும், பயிற்சியில் நைந்த தசை இழைகளைச் செப்பனிடுவதற்கும் உடல் பயன்படுத்தும் சத்து. ஆகவே சத்துணவை முழுமையாக உண்ணும் பிள்ளைக்கு மதியத்துக்கென்று இன்னொரு சோற்றுப் பெட்டி தேவையில்லை. வீட்டின் உழைப்பு வேறு வேளைக்குத் திரும்பலாம்.

முட்டை உண்ணாத பிள்ளைகளுக்கு அதற்கு மாற்றாக வாழைப்பழம் தரப்படுகிறது. கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களிலும் பிற இடங்களிலும் சைவ உணவுப் பழக்கமுள்ள குடும்பங்கள் கணிசமாக உள்ள ஊரில் இது கவனிக்கத்தக்கது. ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம் இருக்க, ஒரு வாழைப்பழத்தில் ஒரு கிராம் அளவே இருக்கிறது. பழம் நல்ல மாவுச்சத்தைத் தருகிறதேயன்றி முட்டை விட்ட இடத்தை நிரப்புவதில்லை. இந்தப் பிள்ளைகளின் பெற்றோரிடம் ஆசிரியர் தனியே சொல்ல வேண்டியது, அந்த 5 கிராம் குறையை வீட்டிலிருந்து வரும் பெட்டி தாங்க வேண்டும் என்பதையும், ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை அதற்குப் போதும் என்பதையும்தான்.

இனி ஒரு பிள்ளையின் நாளை முழுமையாக எடுத்துக்கொண்டு கணக்கிடலாம். எட்டாம் வகுப்பில் படிக்கும், 13 வயதுள்ள, 40 கிலோ எடையுள்ள, கபடி அணியில் ஆடும் ஒரு மாணவியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, 13 முதல் 15 வயது வரையிலான பெண்பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 2400 கலோரி ஆற்றலும் 43 கிராம் புரதமும் வேண்டும். கலோரி என்பது உணவு உடலுக்குத் தரும் ஆற்றலை அளக்கும் அலகு. அந்த மாணவி காலை ஏழேமுக்கால் மணிக்கு மூன்று இட்லியைச் சாம்பாருடன் உண்டு புறப்படுகிறாள். பன்னிரண்டே முக்கால் மணிக்குச் சத்துணவு உண்கிறாள். நான்கரை மணிக்குப் பயிற்சிக்கு இறங்கி ஐந்தே முக்காலுக்கு முடிக்கிறாள். பேருந்துக்குக் காத்திருந்து ஆறரை, ஏழு மணிக்கு வீடு சேர்கிறாள். இரவுச் சோறு எட்டு மணிக்குத்தான் இறங்குகிறது. இட்லியிலும் சாம்பாரிலும் 9 கிராம், மதியம் 20 கிராம், மாலையில் ஒரு குவளைப் பாலில் 6 கிராம், இரவுச் சோற்றிலும் பருப்பிலும் 12 கிராம் என்று கூட்டினால், 47 கிராம் புரதம் வந்துவிடுகிறது. பரிந்துரையை அது தாண்டிவிடுகிறது என்றாலும், நாள்தோறும் பயிற்சி பெறும் பிள்ளைக்கு எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.2 முதல் 1.6 கிராம் வரை, அதாவது இந்த மாணவிக்கு 48 முதல் 64 கிராம் வரை, இருந்தால் நல்லது என்பது விளையாட்டு ஊட்டச்சத்தியலில் பொதுவாகக் கொள்ளப்படும் அளவு. ஆகவே புரதத்தில் விடுபடுவது சிறிதளவே. டப்பாவில் விற்கும் புரதப் பொடி இல்லாமலே அதை நிரப்பலாம்.

ஆற்றலின் கதை வேறு. மதிய உணவு பன்னிரண்டே முக்காலுக்கு உள்ளே சென்ற பிறகு, நான்கரை மணிக்குள் அதன் பெரும்பகுதி செரித்துவிடுகிறது; அதற்கு மேல் ஒன்றே கால் மணி நேரம் ஓடியும் பிடித்தும் தாவியும் ஆடும்போது 250 முதல் 300 கலோரி வரை செலவாகிறது. தசை தன் வேலைக்கு முதலில் எடுத்துக்கொள்வது கிளைக்கோஜன் என்னும் சேமிப்பு மாவுச்சத்தை. சோறு, இட்லி, பழம் ஆகியவற்றிலிருந்து கிடைக்கும் சர்க்கரையை உடல் தசையிலும் ஈரலிலும் இந்த வடிவில் சேமித்து வைக்கிறது. சேமிப்பு குறைந்த பிள்ளை பயிற்சியின் கடைசி இருபது நிமிடங்களில் கால் தளர்வாள். ரெய்டுக்குப் போனால் கோட்டைத் தொட்டுத் திரும்புவதில் தாமதிப்பாள். எளிய பிடியையும் தவறவிடுவாள். இதைச் சோம்பல் என்று பயிற்சியாளர் கடிந்துகொள்வதும், வீட்டில் 'விளையாட்டால் உடம்பு கெடுகிறது' என்று முடிவுகட்டிப் பிள்ளையை அணியிலிருந்து நிறுத்திவிடுவதும் நடக்கின்றன. குறிப்பாகப் பெண்பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பில் அணியைவிட்டு விலகுவதற்குச் சொல்லப்படும் காரணங்களுக்குள் இந்த மாலைத் தளர்ச்சியும் கலந்திருப்பதை உடற்கல்வி ஆசிரியர்கள் உணர்ந்து பார்க்க வேண்டும்.

ஆகவே பெற்றோரிடம் ஆசிரியர் கேட்க வேண்டியது ஒரே ஒரு சிறு டப்பா. பிள்ளை அதைக் காலையில் பையில் போட்டுக்கொண்டு வந்து மாலையில் திறக்க வேண்டும். கேட்பதற்கு எளிதாக இருக்கும் இந்தக் கோரிக்கைக்குள்தான் சிக்கல் அடங்கியிருக்கிறது. காலை ஏழு மணிக்குக் கட்டிய டப்பாவை நான்கரை மணிக்குத் திறந்தால், அது ஒன்பதரை மணி நேரம் வகுப்பறை வெப்பத்தில் இருந்திருக்கும். சமைத்த ஈரமான உணவு அவ்வளவு நேரம் தாங்காது. 5 பாகை செல்சியஸுக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் உணவில் உள்ள நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. கடலூர் மாவட்டத்தில் ஆண்டின் பெரும்பகுதி நிழலில்கூட 30 பாகையைத் தாண்டுவதால் அவற்றுக்கு வேண்டிய சூழல் பைக்குள்ளேயே அமைந்துவிடுகிறது. சோற்றுக்கென்று தனியே ஓர் ஆபத்தும் உண்டு. பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியா, விதை போன்ற கடின உறையுள்ள வித்து வடிவில் அரிசியில் ஒட்டியிருக்கும். சோறு கொதித்தாலும் அந்த வித்து அழிவதில்லை. சோறு மெல்ல ஆறி வெதுவெதுப்பாக நிற்கும்போது அது முளைத்துப் பெருகி நஞ்சைச் சுரக்கிறது. அந்த நஞ்சின் ஒரு வகை மீண்டும் சூடாக்கினாலும் அழிவதில்லை. நூலிழுப்பது, பிசுபிசுப்பது, புளித்த வாடை வீசுவது ஆகியவை கெட்டுப்போனதன் அறிகுறிகள் என்பதைத் தாய்மார்கள் அறிவார்கள். ஆனால் நஞ்சு சேர்ந்த சோற்றில் இந்த அறிகுறிகள் எதுவும் தென்படாமலும் இருக்கலாம் என்பதால், முகர்ந்து பார்ப்பதை நம்பாமல் நேரத்தை நம்ப வேண்டும் என்று ஆசிரியர் அழுத்திச் சொல்ல வேண்டும்.

இதிலிருந்து நடைமுறை விதி பிறக்கிறது: சோறு, இட்லி, சுண்டல், முட்டை, தயிர், தேங்காய் சேர்ந்த எதுவும் மதிய இடைவேளைக்குள் உண்டு முடிக்கப்பட வேண்டும், மாலைக்கு என்று வைப்பது உலர்ந்ததாகவோ தோலோடு கூடிய முழுப் பழமாகவோ இருக்க வேண்டும். சுண்டல் நல்ல உணவு என்பதில் ஐயமில்லை. ஆனால் காலையில் தேங்காய் துருவிப் போட்டுத் தாளித்த சுண்டலை மாலைக்குக் கொடுத்தனுப்புவது, பிள்ளை வயிற்றுப்போக்கோடு மறுநாள் படுப்பதற்கு வழிவகுக்கும். சுண்டலை வீடு திரும்பும் ஏழு மணிக்குப் புதிதாகச் செய்து சூடாகக் கொடுத்தால், ஒரு கிண்ணத்தில் 8 கிராம் புரதம் கிடைக்கும்.

மாலை டப்பாவில் வைப்பதைப் பயிற்சிக்கு முன் உண்பது, பின் உண்பது எனப் பிரித்து வைக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கலந்து பயிற்சிக்குமுன் உண்டுவிட்டால், பக்கவாட்டில் பிடித்துக்கொள்ளும் வலியும் ஏப்பமும் வந்து பிள்ளை ஆட முடியாமல் தவிக்கும். கடலையிலும் பயறிலும் உள்ள கொழுப்பும் நார்ச்சத்தும் இரைப்பையைவிட்டு மெதுவாகவே இறங்குவது இதற்குக் காரணம். பயிற்சிக்குக் கால் மணி நேரத்துக்கு முன் வேண்டுவது விரைவில் செரித்து இரத்தத்தில் சர்க்கரையாகக் கலக்கும் மாவுச்சத்து மட்டுமே. எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறக்குறைய ஒரு கிராம் என்ற அளவில், மேற்சொன்ன மாணவிக்கு 40 கிராம் போதும். பூவன் பழம் இரண்டு மூன்று அந்த அளவைத் தந்துவிடும். பழம் கிடைக்காத நாளில் இரண்டு கைப்பிடி அரிசிப் பொரியோடு நாலைந்து பேரீச்சம்பழம் வைக்கலாம். பயிற்சி முடிந்ததும், பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் அந்த நேரத்தில், கடலையும் வெல்லமும் சேர்ந்த ஒன்றை உண்பது பொருத்தம். தசை அப்போது தன் சேமிப்பை மீட்கவும் நைந்ததைச் செப்பனிடவும் முனைந்திருக்கும்.

இந்த இரண்டாவது பகுதிக்கு ஸ்ரீமுஷ்ணம் வட்டாரத்தில் பொருள் தேடி அலைய வேண்டியதில்லை. விருத்தாசலம் பக்கத்து மானாவாரி நிலங்களில் விளையும் மல்லாட்டை சந்தையில் எப்போதும் கிடைக்கிறது; விருத்தாசலத்தில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் நிலக்கடலையிலும் முந்திரியிலும் ரகங்களை உருவாக்கி வரும் இடம் என்பதே இந்தப் பயிர்கள் இம்மண்ணுக்கு எவ்வளவு இயல்பானவை என்பதைக் காட்டும். கிழக்கே வீராணம் ஏரிப் பாசனப் பகுதியில் நெல் அறுத்த தரிசில் உளுந்தும் பச்சைப்பயறும் விதைக்கப்படுகின்றன. அரிசியின் புரதத்தில் லைசின் என்னும் கூறு குறைவு. பயறு வகைகளின் புரதத்தில் அது நிறைவு. இவ்விரண்டையும் ஒரே நாளில் உண்பவருக்கு ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்கிறது. நெல்லும் உளுந்தும் ஒரே வயலில் அடுத்தடுத்து விளையும் ஊரில் பிள்ளையின் பெட்டிக்கு வெளியூர்ப் பொட்டலம் வேண்டியதில்லை என்பதை ஆசிரியர் பெருமையோடே சொல்லலாம்.

கூட்டத்தில் செய்து காட்டத்தக்கது கடலை உருண்டை. தோல் நீக்கிய வறுத்த வேர்க்கடலை 200 கிராம், பொட்டுக்கடலை 200 கிராம், பொடித்த வெல்லம் 180 கிராம், ஏலக்காய் இரண்டு ஆகியவற்றை எடுத்துக்கொள்ள வேண்டும். முதலில் பொட்டுக்கடலையை மாவாகப் பொடித்து வைத்துக்கொண்டு, வேர்க்கடலையை மிக்ஸியில் விட்டுவிட்டு ஓட்டிக் கரகரப்பாக அரைக்க வேண்டும். தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் பிரிந்து கூழாகிவிடும். பிறகு வெல்லத்தையும் ஏலக்காயையும் சேர்த்து ஒரு சுற்று ஓட்டி, பொட்டுக்கடலை மாவோடு தாம்பாளத்தில் கொட்டிப் பிசைந்தால், கடலையின் எண்ணெயே கலவையைச் சேர்த்துப் பிடிக்கும். உருண்டை உதிர்கிறதென்று தண்ணீரோ பாலோ தெளிக்கக் கூடாது; தெளித்தால் மூன்றாம் நாளே பூசணம் பிடிக்கும். உதிர்ந்தால் இரண்டு தேக்கரண்டி நெய்யை உருக்கி விடலாம். எலுமிச்சம்பழ அளவுக்குச் சற்றுக் குறைவாக உருட்டினால் 20 உருண்டைகள் வரும். ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 130 கலோரியும் 4.5 கிராம் புரதமும் இருக்கும். ஈரமில்லாத டப்பாவில் ஒரு வாரம் கெடாது. நாளுக்கு இரண்டு உருண்டை என்றால், மாணவியின் புரதக் கணக்கு 47 கிராமிலிருந்து 56 கிராமுக்கு ஏறுகிறது. பயிற்சிக்குமுன் உண்ட பழத்தோடு சேர்த்து, ஆட்டத்தில் செலவான ஆற்றலுக்கும் மேலாகத் திரும்பக் கிடைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கினால் வாரம் முழுவதற்கும் போதும் என்பது, விடியலில் நாற்று நடவுக்கோ களையெடுப்புக்கோ புறப்பட வேண்டிய தாய்க்கு எல்லாவற்றையும்விட முக்கியமான செய்தி.

கடலையைத் தேர்ந்தெடுப்பதில் மட்டும் கண்டிப்பு வேண்டும். மழையில் நனைந்து சரியாகக் காயாத கடலையில் ஒருவகைப் பூசணம் வளர்ந்து அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். ஈரலைக் கெடுக்கும் இந்த நஞ்சு வறுப்பதனால் முற்றிலும் நீங்குவதில்லை. சுருங்கியவை, கறுத்தவை, பச்சை அல்லது சாம்பல் நிறப் பொடி படிந்தவை, கடித்தால் கசப்பவை ஆகியவற்றை வறுக்குமுன் பொறுக்கி எறிந்துவிட வேண்டும். சிக்கு வாடை வீசும் கடலை பழையது. அதையும் விலக்க வேண்டும். வேர்க்கடலை உண்டதும் உதடு தடிப்பது, உடலில் தடிப்பு எழுவது, மூச்சு இரைப்பது ஆகியவை ஏற்கெனவே கண்ட பிள்ளைக்கு இந்த உருண்டை ஆகாது. அதற்கு எள்ளையும் கொடுத்துச் சோதிக்காமல் மருத்துவரைக் கேட்ட பின், பொட்டுக்கடலையும் வெல்லமும் நெய்யும் மட்டும் சேர்த்து உருட்டித் தரலாம். உருண்டையைப் பிள்ளைகள் தமக்குள் பங்கிட்டுக்கொள்வார்கள் என்பதால், அணியில் அப்படி ஒரு பிள்ளை உண்டா என்று ஆசிரியர் முன்கூட்டியே விசாரித்து வைத்திருக்க வேண்டும்.

வீட்டிலிருந்து மதியச் சாப்பாடு கொண்டுவரும் பிள்ளைகளின் பெட்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். எலுமிச்சைச் சோறும் புளிச்சோறும் தம் புளிப்பினால் மதியம்வரை நன்கு தாங்குபவை. ஆனால் அவற்றோடு வற்றலையோ அப்பளத்தையோ மட்டும் வைத்தால் பெட்டி முழுவதும் மாவுச்சத்தும் எண்ணெயுமாகிவிடும். பெட்டியில் பாதி சோறு, கால் பங்கு பயறோ முட்டையோ மீனோ, மீதிக் கால் பங்கு கீரையோ காயோ என்ற அளவைச் சோற்றுக் கரண்டியாலேயே காட்டலாம். சுடுசோற்றை அப்படியே அடைத்து மூடினால் ஆவி மூடியில் நீராகித் திரும்பச் சோற்றின்மேல் சொட்டுகிறது. அந்த ஈரமே கெடுவதற்குத் தொடக்கம். தாம்பாளத்தில் பரப்பிப் பத்து நிமிடம் ஆவி போகவிட்டு, பின்பு அடைக்க வேண்டும். முந்தைய இரவு மிஞ்சிய சோற்றைக் காலையில் தாளித்து எலுமிச்சைச் சோறாக்கிக் கட்டுவது பலர் வீட்டில் உள்ள பழக்கம்; மேலே சொன்ன பாக்டீரியாவின் காரணமாக இதைத் தவிர்க்கும்படி ஆசிரியர் வேண்டிக்கொள்ள வேண்டும். தயிர்ச்சோற்றுக்குக் குழைந்த சோற்றில் காய்ச்சி ஆறவைத்த பாலை ஊற்றி ஒரு கரண்டி தயிரைக் கலந்து கட்டினால், மதியத்துக்குள் அது பதமாகத் தோய்ந்திருக்கும், புளித்துப்போகாது. முட்டையை அவித்துத் தோலோடு வைக்க வேண்டும். உரித்து வைத்தால் கையின் அழுக்கும் சேர்ந்துகொள்ளும்.

பெண்பிள்ளைகளுக்கு இரும்புச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல வேண்டும். மாதவிடாய் தொடங்கிய பிறகு, இரத்தத்தில் உயிர்வளியைச் சுமக்கும் ஹீமோகுளோபின் குறைந்து இரத்தசோகை ஏற்படுவது மிகப் பரவலாக இருக்கிறது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு அது உண்டு என்று 2019-21 காலத்தில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வு காட்டியது. முருங்கைக்கீரை அடையோ கம்பு அடையோ காலை உணவில் இருக்க, அத்துடன் எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காய்த் துண்டோ சேர்ந்தால், தாவர உணவில் உள்ள இரும்பை உடல் கூடுதலாக ஏற்றுக்கொள்கிறது. உணவோடு தேநீர் குடித்தால் அந்தப் பயன் பெரிதும் குறைந்துவிடுகிறது; சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் ஒரு மணி நேர இடைவெளி வேண்டும். பள்ளியில் வாரந்தோறும் தரப்படும் இரும்புச்சத்து மாத்திரையைப் பிள்ளை வெறும் வயிற்றில் விழுங்கிக் குமட்டலுக்கு அஞ்சி எறிந்துவிடாமல், மதிய உணவுக்குப் பின் உண்பதை வீட்டிலும் கேட்டறிய வேண்டும்.

பெற்றோர் கேட்கும் கேள்விகளை ஆசிரியர் முன்னரே எதிர்பார்த்து வைக்கலாம். "சார், பிஸ்கட்டு வாங்கிக் குடுத்தா வேலை முடிஞ்சிது, இதெல்லாம் எதுக்கு?" என்று ஒரு தாய் கேட்டால், "அம்மா, அதை நீங்க குடுக்கவே கூடாதுன்னு சொல்லல, பழத்துக்குப் பதிலா அது நிக்காதுன்னுதான் சொல்றேன்" என்று தொடங்கி, ஒரு பொட்டலத்தின் பின்புறத்தில் அச்சிட்டுள்ள அட்டவணையைப் படித்துக் காட்டுவது கடிந்து பேசுவதைவிடப் பயன் தரும். சர்க்கரை, எண்ணெய், புரதம் ஆகியவற்றின் அளவுகளைக் கடலை உருண்டையின் அளவுகளுக்குப் பக்கத்தில் கரும்பலகையில் எழுதிவிட்டால் போதும். முடிவைப் பெற்றோரே எடுத்துக்கொள்வார்கள். டப்பாவை மற்றப் பிள்ளைகள் பிடுங்கித் தின்றுவிடுகிறார்கள் என்பது அடிக்கடி வரும் முறையீடு. அது உண்மையான இடர்ப்பாடு. டப்பாக்களையெல்லாம் காலையிலேயே உடற்கல்வி அறையில் பெயரெழுதி அடுக்கி வைத்து நாலேகால் மணிக்குக் கொடுப்பது ஒரு தீர்வு. அணியில் எந்தப் பிள்ளைக்கு டப்பா வரவில்லை என்பதும் அப்போதே தெரிந்துவிடும். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு மற்ற வீட்டாரின் உருண்டைகளிலிருந்து யாரும் அறியாமல் பங்கு சேர்ப்பதும் எளிதாகும்.

கபடி அணிக்கென்றே ஆசிரியர் தவறாமல் பேச வேண்டிய ஒன்று எடைக் குறைப்பு. இளையோர் கபடிப் போட்டிகளில் வயதோடு எடைக்கும் வரம்பு உண்டு. வரம்பை ஒட்டி நிற்கும் பிள்ளையை எடை பார்க்கும் நாளுக்குமுன் இரண்டு நாள் சோறின்றிக் கிடக்கச் சொல்வதும், தண்ணீரை நிறுத்துவதும், வெயிலில் கனத்த உடையோடு ஓடவிடுவதும் நடைமுறையில் உள்ளன. இப்படி இறங்கும் எடையில் பெரும்பகுதி நீரும் கிளைக்கோஜனுமே. கொழுப்பு மிகக் குறைவு. உடலின் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு நீர் குறைந்தாலே ஆற்றலும் கவனமும் சரிவதால், எடையில் தேறிய பிள்ளை களத்தில் தோற்பதற்கே இம்முறை உதவுகிறது. வெப்பமான நாளில் மயங்கி விழவும் கூடும். வளரும் பிள்ளையின் எடை கூடிக்கொண்டே போவது இயல்பு. அணிப் பதிவேட்டில் மாதந்தோறும் உயரத்தையும் எடையையும் குறித்து வந்து, வரம்பைத் தாண்டப்போகும் பிள்ளையை அடுத்த பிரிவுக்கு ஆயத்தம் செய்வதே ஆசிரியரின் வேலை என்பதைப் பெற்றோர்முன் அவர் தாமே ஏற்றுக்கொண்டு சொன்னால், வீட்டில் பட்டினி போடும் வழக்கம் நிற்கும். உயரம் கூடியும் மூன்று மாதமாக எடை கூடவில்லை, சிறு காயமும் ஆற நாளாகிறது, பெண்பிள்ளைக்கு மாதவிடாய் மூன்று மாதம் வரவில்லை என்ற அறிகுறிகளில் ஒன்று தென்பட்டாலும் பயிற்சியைக் குறைத்து மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். உண்பதைவிடச் செலவழிப்பது அதிகமாகி, எலும்பும் இரத்தமும் வளர்வதற்கு மிச்சமில்லாமல் போகும் நிலையின் அடையாளங்கள் இவை.

போட்டி நாளின் பெட்டி வேறு கணக்குடையது. குறுவட்டப் போட்டிக்குக் காலை ஆறு மணிக்கு வேனில் ஏறும் அணிக்கு, முதல் ஆட்டம் பதினொரு மணிக்கா இரண்டு மணிக்கா என்பது பெரும்பாலும் மைதானத்தில்தான் தெரியவரும். எனவே ஒரு பெரிய சோற்றுப் பெட்டிக்குப் பதிலாக, சிறு சிறு பங்குகளாக உண்ணத்தக்கவற்றை வைக்க வேண்டும்: ஏறுமுன் வீட்டில் மூன்று இட்லி, வேனிலிருந்து இறங்கியதும் உண்ண, பொடி தடவி வாழையிலையில் சுற்றிய இரண்டு இட்லி, ஆட்டத்துக்கு அரை மணிக்குமுன் ஒரு பழம், முதல் ஆட்டத்துக்கும் அடுத்த ஆட்டத்துக்கும் இடையில் பொரியும் ஓர் உருண்டையும், மதியத்துக்கு எலுமிச்சைச் சோறு, பன்னிரண்டரை மணிக்குள் உண்டு முடிக்கும் அளவில். அன்றைக்கென்று புதிதாக எதையும் சமைத்துக் கொடுக்கக் கூடாது. பிள்ளையின் வயிறு பயிற்சி நாள்களில் பழகியவையே போட்டி நாளிலும் வர வேண்டும். ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் புட்டியோடு, இன்னொரு அரை லிட்டர் புட்டியில் அரை எலுமிச்சையும் இரண்டு தேக்கரண்டி சர்க்கரையும் ஒரு சிட்டிகை உப்பும் கலந்து கொடுத்தனுப்பலாம். ஆட்டம் இல்லாத நேரத்திலும் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நாலு வாய் பருக வேண்டும். சிறுநீர் வைக்கோல் நிறத்தில் வெளுத்து இருந்தால் போதிய தண்ணீர் உள்ளே இருக்கிறது. மஞ்சள் அடர்ந்திருந்தால் போதவில்லை. மைதானங்களில் கழிப்பறை சரியாக இராததால் பெண்பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதையே தவிர்த்துவிடுகிறார்கள். அணியோடு செல்லும் ஆசிரியையோ உடன்வரும் தாயோ, மைதானத்தில் இறங்கியவுடன் பயன்படுத்தத்தக்க கழிப்பறை எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்து, பிள்ளைகளை அங்கே அழைத்துச் சென்று காட்டிவிட வேண்டும். புட்டிகள் காலியாகித் திரும்புவது அதன் பிறகுதான்.